40 பேர், ஆறு சுற்று: ஆடாத 33 பேரை ஒருவன் எப்படி முந்துகிறான்?

நூலக மாடி | 3 ஜூன், இரவு 9.12

எங்கள் ஊர் நூலக மாடியில் மாணவர்களுக்கு ஒரு செஸ் போட்டி. 40 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. லீக் முறையில் எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 39 சுற்று, 780 ஆட்டம். நாக் அவுட் வைத்தால் பத்தரை மணிக்கே இருபது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெற்றோர் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சுவிஸ் முறை வையுங்கள், ஆறு சுற்று போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை. முதல் பரிசு வாங்குகிறவன் ஆறு பேருடன்தான் ஆடியிருப்பான். மீதி 33 பேரைவிட அவன் மேல் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கோட்டை கட்டாதவன் | 3 ஜூன், இரவு 9.40

இதில் மர்மம் ஒன்றுமில்லை. சுவிஸ் என்பது நாக் அவுட்தான். தோற்றவனை வெளியே தள்ளாமல் ஒரு மூலையில் உட்கார வைத்து ஆடச் சொல்கிறார்கள், அவ்வளவே. ஜெயித்தவன் ஜெயித்தவனோடு, தோற்றவன் தோற்றவனோடு. ஒரே புள்ளி உள்ளவர்கள் மட்டும்தான் மோதுவார்கள். யார் யாரோடு என்பது சீட்டுக் குலுக்கல்.

பழைய நடுவர் | 3 ஜூன், இரவு 10.25

மேலே சொன்னதில் முதல் பாதி சரி. "மட்டும்தான்" என்பதும் சரியில்லை, சீட்டுக் குலுக்கலும் சரியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, உங்கள் 40 பேரையே எடுத்துக்கொள்வோம். டிராவே இல்லை என்று வையுங்கள். முதல் சுற்று முடிந்ததும் ஒரு புள்ளியோடு 20 பேர். அவர்கள் தங்களுக்குள் ஆடுகிறார்கள். இரண்டு புள்ளியோடு 10 பேர் மிஞ்சுகிறார்கள். அடுத்த சுற்றில் 5. நான்காவது சுற்றில் ஐந்து பேரை ஜோடி சேர்த்தால் ஒருவர் மிச்சம். அவர் ஒரு படி கீழே இறங்கி இரண்டு புள்ளிக்காரர் ஒருவரோடு ஆடுவார். அவரும் ஜெயித்தால் முழுப் புள்ளியோடு மூன்று பேர். ஐந்தாவதில் அதிகபட்சம் இரண்டு பேர். ஆறாவதில் அந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தாக வேண்டும். ஆக, ஆறுக்கு ஆறு எடுக்க ஒருவருக்கு மேல் இடமே இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் "இதுவரை தோற்காதவர்" கூட்டம் பாதியாகிறது. ஒரு சுற்று கூட்டினால் இரண்டு மடங்கு பேரைச் சமாளிக்கலாம். 40 பேருக்கு ஆறு போதும் என்றால் 64 பேருக்கும் ஆறே போதும்; 128 பேருக்கு ஏழு. லீக் முறையில் ஒரு ஆளைக் கூட்டினாலே ஆட்டங்கள் எகிறிவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அந்த 33 பேரில் பெரும்பாலோர் இவனுடைய எதிராளிகளிடமோ, அந்த எதிராளிகள் தோற்கடித்தவர்களிடமோ ஏற்கனவே தோற்றிருப்பார்கள். தோல்விகள் ஒரு சங்கிலியாக அவனிடம் வந்து சேர்கின்றன.

கேரம் பிரியன் | 4 ஜூன், காலை 6.55

வணக்கம். எங்கள் தெருவில் கேரம் போட்டிக்கும் வெள்ளைக் காய் யாருக்கு என்று தகராறு வருகிறது. 40 பேருக்கு எத்தனை பலகை வேண்டும்? பவுடர் செலவு யார் ஏற்பது?

நூலக மாடி | 4 ஜூன், காலை 7.30

ஐயா, இது செஸ். பலகை 20 இருக்கிறது. பவுடர் வேண்டாம்.

பழைய நடுவர் ஐயாவுக்கு நன்றி. முதலிடம் புரிந்தது. பதினேழாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இதே சங்கிலி பொருந்துமா?

பாஸ்கல் பக்கத்து வீடு | 4 ஜூன், காலை 11.05

பொருந்தாது. 64 பேர், ஆறு சுற்று, டிரா இல்லை என்று எடுத்துக்கொண்டால் கடைசிப் பட்டியல் இப்படி வரும்: ஆறு புள்ளியில் 1 ஆள், ஐந்தில் 6, நான்கில் 15, மூன்றில் 20, இரண்டில் 15, ஒன்றில் 6, பூஜ்யத்தில் 1. பள்ளியில் பாஸ்கல் முக்கோணம் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதுதான்.

நடுவில் மூன்று புள்ளியோடு நிற்கும் இருபது பேரைப் பாருங்கள். அவர்களை 23 முதல் 42 வரை வரிசைப்படுத்துவதற்கு ஆட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. சுவிஸ் முறை இரண்டு நுனிகளையும் நன்றாகக் காட்டும். நடு வயிற்றில் கண் தெரியாது. முதலிடம் நம்பகமானது, இரண்டாம் மூன்றாம் இடங்கள் அரைகுறை, முப்பதாம் இடம் என்பது அச்சடித்த கற்பனை. ஆகவே முதல் பத்துப் பேருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள்.

ஓட்டுநர் அப்பா | 4 ஜூன், இரவு 8.48

என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். சனி, ஞாயிறு என்றால் மகளைப் பின்னால் உட்கார வைத்து வண்டியை எடுப்பதுதான் என் வேலை. போன மாதம் ஏழு சுற்றுப் போட்டி ஒன்று. மகள் முதல் ஐந்து சுற்றும் ஜெயித்தாள், கடைசி இரண்டிலும் தோற்றாள். ஐந்து புள்ளி. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் முதல் இரண்டிலும் தோற்றுவிட்டுக் கீழே கிடந்த குழந்தைகளை வரிசையாக அடித்து அவனும் ஐந்து புள்ளி. இருவருக்கும் ஒரே பதக்கம். இவள் ஆடியது புலிகளோடு. இது நியாயமா?

பழைய நடுவர் | 4 ஜூன், இரவு 9.30

இந்தப் பாதைக்கு ஆட்டக்காரர்களிடையே நீர்மூழ்கி என்று பெயர் உண்டு. முதலில் அடியில் போய், கடைசியில் மேலே வருவது. வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு, பாவம் தன்னால் மூழ்குகிறவர்களும் உண்டு.

சமப் புள்ளிக்காரர்களை வரிசைப்படுத்த இதற்காகத்தான் புக்கோல்ஸ் கணக்கு. உங்கள் எதிராளிகள் அனைவரும் கடைசியில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுங்கள். மகளின் பட்டியல் கையில் இருக்கிறதா?

ஓட்டுநர் அப்பா | 4 ஜூன், இரவு 10.02

இருக்கிறது. அவளுடைய எதிராளிகள் சுற்று வரிசைப்படி எடுத்தது 3, 4, 4½, 5, 5, 6½, 6. அந்தப் பையனுடையது 4½, 4, 2, 3, 3, 3½, 4.

பழைய நடுவர் | 4 ஜூன், இரவு 10.20

மகளுக்கு 34. பையனுக்கு 24. பட்டியலில் மகள் மேலே இருந்திருப்பாளே?

ஓட்டுநர் அப்பா | 4 ஜூன், இரவு 10.24

பதினோராவது இடம் அவளுக்கு. அவன் இருபத்து நான்காவது. ஐந்து புள்ளிக்கு மேல் எல்லோருக்கும் ஒரே பதக்கம் என்று வைத்திருந்தார்கள்.

பாஸ்கல் பக்கத்து வீடு | 4 ஜூன், இரவு 10.41

அப்படியானால் குற்றம் பதக்கத்தில். ஜோடி போட்ட முறை தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டு வரிசைகளையும் பாருங்கள். மகள் ஜெயிக்க ஜெயிக்க எதிராளி கனத்துக்கொண்டே போகிறார். பையன் மூன்றாம் சுற்றில் அடியில் நின்று, பிறகு தன் உயரத்துக்கு ஏறி வருகிறான். ஆளாளுக்குத் தகுந்த எதிராளியை ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி தேடிக்கொள்வதுதான் இந்த முறையின் உயிர். இன்னும் இரண்டு சுற்று இருந்திருந்தால் அந்தப் பையனும் புலிகளிடம் வந்து சேர்ந்திருப்பான்.

முதல் சுற்றில் தோற்றவர் எல்லோரும் நீர்மூழ்கி என்றும் எழுதிவிடாதீர்கள். 2023இல் மான் தீவில் நடந்த கிராண்ட் சுவிஸில் முதல் சுற்றில் தோற்ற விதித் குஜராத்தி 11 சுற்றில் 8½ எடுத்துப் பட்டம் வென்றார். கடைசிச் சுற்றுகளில் அவர் ஆடியது முன்னணிக்காரர்களோடுதான். அதே போட்டியின் பெண்கள் பிரிவில் நம் வைஷாலிக்கும் 8½, அவருக்கும் பட்டம்.

கோட்டை கட்டாதவன் | 5 ஜூன், காலை 10.10

முந்தாநாள் என்னை மறுத்துவிட்டுப் பெரியவர் பாதியில் நிறுத்திவிட்டார். சீட்டுக் குலுக்கல் இல்லை என்றால் யார் முடிவு செய்கிறார்கள்? கணினியா?

பழைய நடுவர் | 5 ஜூன், மாலை 4.15

இப்போது கணினிதான். நாங்கள் அட்டை வைத்துச் செய்த காலம் உண்டு. ஆளுக்கொரு அட்டை; அதில் அவர் எண், ஆடிய எதிராளிகள், நிறம், புள்ளி. மேசைமேல் புள்ளி வாரியாக அடுக்கிக் கையால் நகர்த்துவோம். எட்டு அட்டையை வைத்துக் காட்டுகிறேன். நீங்களும் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேட்டிங் வரிசைப்படி 1 முதல் 8 வரை எண். முதல் சுற்றில் மேல் பாதி கீழ்ப் பாதியோடு: 1க்கு 5, 2க்கு 6, 3க்கு 7, 4க்கு 8. பக்கத்துப் பக்கத்து ஆட்களான 1ஐயும் 2ஐயும் முதல் சுற்றிலேயே மோதவிட்டால் நல்ல ஆட்டம் வீணாகும். வெள்ளை ஒரு மேசையில் மேல் எண்ணுக்கு, அடுத்ததில் கீழ் எண்ணுக்கு. ஆக வெள்ளை ஆடியவர்கள் 1, 6, 3, 8.

ஜெயித்தவர்கள் 1, 2, 3, 8 என்று வைப்போம். எட்டாம் எண் நான்காம் எண்ணைக் கவிழ்த்துவிட்டது. இரண்டாம் சுற்றில் ஒரு புள்ளிக் கூட்டத்தை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறோம்: 1, 2 மேலே, 3, 8 கீழே. 1க்கு 3, 2க்கு 8. பூஜ்யக் கூட்டத்தில் 4க்கு 6, 5க்கு 7. நிறத்தை மாற்றிக் கொடுக்கப் பார்க்கிறோம். ஆனால் 1, 3 இருவரும் முதலில் வெள்ளை ஆடியவர்கள். ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். மேல் எண்ணின் விருப்பம் நிற்கும். எனவே 3க்கு மறுபடி வெள்ளை. அதேபோல் 7க்கு மறுபடி கருப்பு.

முடிவு: 1, 3 டிரா. 2, 8ஐ ஜெயித்தார். 4, 6ஐ ஜெயித்தார். 7, 5ஐ ஜெயித்தார். இப்போது புள்ளி: 2க்கு இரண்டு. 1, 3 இருவருக்கும் ஒன்றரை. 4, 7, 8 மூவருக்கும் ஒன்று. 5, 6க்கு பூஜ்யம்.

சிக்கல் மூன்றாம் சுற்றில். இரண்டு புள்ளியில் 2 மட்டும் தனியாக நிற்கிறார். ஒன்றரைக் கூட்டத்துக்கு இறங்கி 1ஐச் சந்திக்கிறார், 1க்கு வெள்ளை. இப்போது 3 தனி. அவர் ஒரு புள்ளிக் கூட்டத்துக்கு இறங்க வேண்டும். 7ஐ முதல் சுற்றிலேயே சந்தித்தாயிற்று. ஒரு முறை ஆடியவர்கள் மறுபடி ஆடக்கூடாது என்பது மீற முடியாத விதி. 4ஐக் கொடுக்கலாமா? கொடுத்தால் மிச்சம் 7, 8. 7 தொடர்ந்து இரண்டு கருப்பு ஆடியவர், மூன்றாவதும் கருப்பு தரக்கூடாது. 8ம் வெள்ளை கேட்கும் நிலையில். ஒருவர் மனம் நோகும். மாறாக 3க்கு 8ஐக் கொடுத்தால் 8க்கு வெள்ளை, இரண்டு வெள்ளை ஆடிவிட்ட 3க்குக் கருப்பு. மிச்சமுள்ள 7க்கு வெள்ளை, 4க்குக் கருப்பு. எல்லோரும் சரி. கடைசியில் 6, 5.

இந்தச் சுற்றில் நான்கு மேசை. அதில் இரண்டில் எதிரெதிர் அமர்ந்தவர்களுக்குப் புள்ளி வேறு வேறு. அதனால்தான் "மட்டும்தான்" என்பதை ஏற்கவில்லை. ஒரே புள்ளி என்பது குறி. மறுபடி சந்திக்காமை, நிறம் இரண்டும் அந்தக் குறியைக் கொஞ்சம் வளைக்கும்.

2 ஜெயித்தால் மூன்றுக்கு மூன்று, பேச்சே இல்லை. 1, 2 டிரா செய்து 3 ஜெயித்தால் 2க்கும் 3க்கும் இரண்டரை; இருவரும் ஒருவரோடு ஒருவர் ஆடவே இல்லை. டிரா வந்தால் என் 40 பேர்க் கணக்கு இப்படித்தான் தடுமாறும்.

கோட்டை கட்டாதவன் | 5 ஜூன், மாலை 5.02

சரி. ஆனால் நாக் அவுட்டின் தம்பி என்பதை விடமாட்டேன்.

பாஸ்கல் பக்கத்து வீடு | 5 ஜூன், இரவு 7.40

தம்பிக்கு வயது ஆகிவிட்டது. 1895இல் சூரிச்சில் யூலியுஸ் முல்லர் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு போட்டியில் முதன்முதலாக நடத்திப் பார்த்தது இது, அதனால்தான் சுவிஸ். ஒலிம்பியாட் போட்டிகள் 1976இல் ஹைஃபாவில்தான் இதற்கு மாறின. அதற்கு முன் அணிகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து ஆட வைத்து, பிறகு இறுதிப் பிரிவுகள். அணிகள் பெருகியதும் அது தாங்கவில்லை.

2022 மாமல்லபுரம் உங்களுக்கு நினைவிருக்கும். பொதுப் பிரிவில் 188 அணிகள், 11 சுற்று. வெறும் பாதியாக்கும் கணக்குப்படி எட்டே போதும். மேலதிக மூன்று சுற்று டிராக்களுக்காகவும், முன்னணி அணிகள் எல்லாம் ஒன்றையொன்று சந்திக்கட்டும் என்பதற்காகவும். அப்படியும் உஸ்பெகிஸ்தான், ஆர்மீனியா இரண்டும் 19 புள்ளியில் முடித்தன. தங்கம் யாருக்கு என்பதை டை-பிரேக்தான் சொன்னது. இந்தியாவின் இரண்டாம் அணிக்கு 18 புள்ளி, வெண்கலம். முதல் எண் பெற்றிருந்த அமெரிக்கா ஐந்தாம் இடம்.

ஓட்டுநர் அப்பா | 5 ஜூன், இரவு 9.15

அப்படியானால் சுற்றைக் கூட்டிக்கொண்டே போகலாமே? 40 பேருக்கு 15 சுற்று?

பழைய நடுவர் | 5 ஜூன், இரவு 9.50

கூட்டலாம், ஓர் எல்லை வரை. முன்னணியில் இருப்பவர் தன் அளவுக்கு நெருங்கிய எல்லோரையும் ஆடி முடித்துவிட்டால், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கீழே கீழே போய் ஆள் தேட வேண்டும். பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டம் ஏழாம் சுற்றிலேயே நடந்துபோய், கடைசிச் சுற்றில் முதல் மேசையில் தலைவரும் பதினைந்தாம் இடத்துக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிலை வந்தால் சுற்று மிஞ்சிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சுற்று குறைந்தாலும் தெரியும்: முழுப் புள்ளியோடு இரண்டு பேர் கை குலுக்காமலே பரிசு வாங்கப் போவார்கள்.

நூலக மாடித் தம்பிக்கு: ஆளுக்கு 20 நிமிடம். சுற்றுக்கு 40 நிமிடம் ஆட்டம், பத்து நிமிடம் ஜோடி. ஆறு சுற்றுக்கு ஐந்து மணி நேரம், சாப்பாட்டோடு ஆறு.

நூலக மாடி | 8 ஜூன், இரவு 8.30

நேற்று முடிந்தது. 40 பேரில் வந்தது 37. ஒற்றைப்படை. முதல் நான்கு சுற்றிலும் கடைசிப் புள்ளிக்காரர் ஒருவருக்கு பை: ஆடாமலே ஒரு புள்ளி. இரண்டாம் சுற்றில் அது ஆறு வயதுக் குழந்தைக்கு வந்தது. "எனக்கு ஏன் பலகை இல்லை" என்று அழுதாள். ஒரு புள்ளி கொடுத்திருக்கிறோம் என்றேன், அழுகை கூடியது. நூலகர் அவளோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினார், தோற்றார்.

முதல் சுற்றுதான் பார்க்கப் பாவமாக இருந்தது. மேல் பாதி கீழ்ப் பாதியை அடித்து நொறுக்கியது. 18 மேசையில் 16இல் மேல் எண்ணே ஜெயித்தது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு எல்லா மேசையிலும் கடிகாரம் கடைசி நிமிடம் வரை ஓடியது. கடைசி மேசையில்கூட.

பிரச்சினை முடிவில். இரண்டு பேர் 5½. ஐந்தாம் சுற்றில் ஒருவரோடு ஒருவர் ஆடி டிரா செய்தவர்கள், மற்றதெல்லாம் வெற்றி. புக்கோல்ஸ் ஒருவனுக்கு 22½, இன்னொருவளுக்கு 22. அவளுடைய முதல் சுற்று எதிராளிக்கு மதியம் டியூஷன். நான்காம் சுற்றோடு கிளம்பிவிட்டான், இரண்டு புள்ளியோடு நின்றுவிட்டது. அவன் இருந்து ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் கோப்பை கை மாறியிருக்கும். கோப்பையை இன்னும் கொடுக்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறேன்.

பாஸ்கல் பக்கத்து வீடு | 8 ஜூன், இரவு 9.05

புக்கோல்ஸின் ஓட்டை இதுதான். தான் ஆடாத ஆட்டத்தால் ஒருவர் கீழே போகிறார். மிகக் குறைந்த எதிராளியை விட்டுவிட்டுக் கூட்டும் வகையும் உண்டே. அதில் என்ன வருகிறது?

நூலக மாடி | 8 ஜூன், இரவு 9.31

அவளுக்கு அந்த இரண்டை விட்டால் 20. அவனுக்கு மிகக் குறைந்தது 2½, விட்டாலும் 20. சமம்.

பழைய நடுவர் | 8 ஜூன், இரவு 9.58

டை-பிரேக் எது என்று போட்டிக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதினீர்களா? எழுதியிருந்தால் அரைப் புள்ளியானாலும் அவனுக்குத்தான், பேசுவதற்கு ஒன்றுமில்லை. விலகிப் போனவரின் ஆடாத சுற்றை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு சுவிஸ் மேனேஜர் மாதிரியான மென்பொருளில் தனி அமைப்பு இருக்கும். கையால் கூட்டினீர்களா, மென்பொருளா?

நூலக மாடி | 8 ஜூன், இரவு 10.04

"சமமானால் புக்கோல்ஸ்" என்று மட்டும் எழுதினேன். எந்த வகை என்று எழுதவில்லை. கையால்தான் கூட்டினேன்.

ஓட்டுநர் அப்பா | 8 ஜூன், இரவு 10.11

இருவரையும் கூப்பிட்டு ஐந்து நிமிட ஆட்டம் இரண்டு வையுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் புரியும். கூட்டல் கணக்கில் தோற்ற குழந்தையை வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

பழைய நடுவர் | 8 ஜூன், இரவு 10.30

எழுதிய விதியைப் பிறகு மாற்றுவதை நான் ஒப்ப மாட்டேன். சாதாரணமாகப் புக்கோல்ஸ் என்றால் முழுக் கூட்டல்தான். 22½.

கோட்டை கட்டாதவன் | 8 ஜூன், இரவு 10.33

இரண்டு கோப்பை வாங்குங்கள். நாக் அவுட்டில் இந்தத் தொல்லையே கிடையாது.

கேரம் பிரியன் | 9 ஜூன், காலை 6.40

எங்கள் தெருவில் 26 பேர். ஐந்து சுற்று வைக்கப் போகிறேன். அட்டை வெட்டிவிட்டேன். கேரத்தில் டிரா கிடையாதே, ஐந்துக்கு ஐந்து எடுப்பவர் ஒருவர்தானே வருவார்?

பழைய நடுவர் | 9 ஜூன், காலை 7.15

26க்கு ஐந்து போதும். நிறத்துக்குப் பதில் முதல் அடி யாருக்கு என்பதை அட்டையில் எழுதுங்கள்.